செல் மாற்றிய வாட்ச்சில் ஈரம்: பின்மூடி வளையமும் அழுத்தச் சோதனையும்

செங்கல்பட்டிலோ மாமல்லபுரத்திலோ எந்த வாட்ச் கடைக்குப் போனாலும் செல் மாற்ற ஐந்து நிமிடம்தான் ஆகும். பின்மூடியை நெம்பி எடுத்து, பழைய செல்லை வெளியே எடுத்து, புதியதை வைத்து, மூடியைக் கட்டைவிரலால் அழுத்திக் கொடுத்துவிடுவார்கள். முள் ஓடத் தொடங்கியதும் வேலை முடிந்ததாகவே கடைக்காரரும் நாமும் நினைக்கிறோம். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் இரண்டு வேலைகள் நடந்திருக்கின்றன. செல் மாற்றியது ஒன்று. தொழிற்சாலையில் அழுத்தி மூடிச் சோதித்து அனுப்பிய ஒரு பெட்டியைத் திறந்து மீண்டும் மூடியது இன்னொன்று. முதல் வேலை சரியாக நடந்ததற்கு ஓடும் முள்ளே சாட்சி. இரண்டாவது வேலை சரியாக நடந்ததா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அளந்துதான் சொல்ல வேண்டும். அளக்காமல் விட்ட வாட்ச்சின் பின்பக்கத்தில் 30 மீட்டர் என்றோ 50 மீட்டர் என்றோ பொறித்திருந்தாலும், அது திறப்பதற்கு முன்பிருந்த நிலையைத்தான் சொல்கிறது. இந்த அத்தியாயத்தின் வாதம் இவ்வளவுதான்: செல் மாற்றுவது ஒரு அடைப்பு வேலை. அழுத்தச் சோதனை செய்தால்தான் அந்த வேலை முடியும்.

தண்ணீரைத் தடுப்பது எஃகு உறை என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் தடுப்பவை சில ரப்பர், பிளாஸ்டிக் வளையங்கள். கண்ணாடி உறையில் உட்காரும் இடத்தில் ஒன்று, சாவியின் தண்டு உள்ளே போகும் குழாயில் ஒன்று, பின்மூடிக்கும் உறைக்கும் நடுவே ஒன்று. ஓசூரில் தொழிற்சாலை வைத்துள்ள டைட்டன் நிறுவனம் 2002-இல் கொண்டுவந்த எட்ஜ் வாட்ச்சின் மொத்தக் கனமே 3.5 மில்லிமீட்டர்தான். அப்படியும் அதை 30 மீட்டர் தாங்கும் வாட்ச்சாகச் செய்ய முடிந்தது. உலோகம் எவ்வளவு தடிமன் என்பதைவிட வளையம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதே முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. பின்மூடி வளையம் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பரால் ஆனது, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுடையது. மூடியை அழுத்தும்போது அது நசுங்கி, மேலும் கீழும் உள்ள உலோகத்தோடு ஒட்டிப் படிகிறது. அந்த நசுக்கத்தை எதிர்த்து மீண்டும் விரிய முயலும் விசைதான் அடைப்பு. இரண்டு மூன்று ஆண்டுகள் நசுங்கியே கிடந்த ரப்பர் அந்த வடிவத்திலேயே இறுகிவிடுகிறது. பழைய குக்கரின் கேஸ்கெட் பார்வைக்கு முழுதாக இருந்தும் ஆவியை விடுவதில்லையா, அதே கதைதான். வெளியே எடுத்துப் பார்த்தால் வளையத்தின் குறுக்குவெட்டு உருண்டையாக இல்லாமல் தட்டையாக இருக்கும். அதையே திரும்பப் போட்டால் முன்பு படிந்த அதே இடத்தில் அது படியாது. படியாத இடம் வழியாகும்.

கவனமற்ற கையில் இது இன்னும் பல விதங்களில் கெடும். வளையம் மூடியோடு ஒட்டி வெளியே வந்து, மேசையிலேயே தங்கிவிடுவது உண்டு. பள்ளத்தில் பாதி உட்கார்ந்தும் பாதி எழும்பியும் இருக்கும்போது மூடியை அழுத்தினால், எழும்பிய இடம் விளிம்பில் சிக்கி வெட்டுப்படும். கத்தி முனையால் நெம்பியபோது உறையின் விளிம்பில் விழுந்த கீறல், வளையத்துக்கு அடியில் ஒரு வாய்க்காலாகவே நிற்கும். அழுத்தி மூடும் வகை மூடிகள் பலவற்றில் சாவித் தண்டுக்கு இடம் விட்டு ஒரு சிறு வெட்டு இருக்கும். அதைத் தண்டுக்கு நேராக வைக்காமல் அழுத்தினால் மூடி ஒரு பக்கம் தூக்கியே நிற்கும். நான்கு திருகாணி உள்ள மூடியில் ஒன்றை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனாலும் இதே கோணல்தான் வரும். எதிரெதிர்த் திருகாணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். இவை எல்லா ஊருக்கும் பொதுவான தவறுகள். நம் கரைக்கு உரியது இன்னொன்று உண்டு. மாமல்லபுரத்தில் சிற்பக் கூடங்களின் கல்தூளும், அலையிலிருந்து எழும் உப்புத் திவலையும், கடற்கரை மணலும் பின்மூடியின் ஓரத்தில் அழுக்காகப் படிந்து கிடக்கும். துடைக்காமல் நெம்பினால் அத்தனையும் வளையத்தின் பள்ளத்தில் விழும். 0.1 மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு மணல் துகளோ தலைமுடியோ வளையத்துக்குக் குறுக்கே கிடந்தால் போதும். அதன் இருபுறமும் ரப்பர் படியாத இரண்டு நுண்ணிய சந்துகள் உண்டாகின்றன.

உப்பை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வெறும் துகள் அல்ல. சமையல் உப்பே காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் தானாக நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே அது கசியத் தொடங்கும். எனவே வளையத்தின் பள்ளத்தில் தங்கிய உப்பு, கரையோரத்தில் ஏறக்குறைய எப்போதும் ஈரமாகவே இருந்து எஃகைக் குழி குழியாக அரிக்கும். வளையம் படிய வேண்டிய முகமே இப்படிக் குழிந்துபோனால் புதிய வளையம் போட்டும் பயனில்லை. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கல்லில் ஏறிய உப்பை நீக்கத் தொல்லியல் துறையினர் காகிதக் கூழைச் சுவரில் அப்பி உறிஞ்ச வைக்கிறார்கள். கருங்கல்லையே அந்தப் பாடு படுத்தும் உப்பு, மயிரிழைச் செம்புக் கம்பிச் சுருளை வைத்து ஓடும் ஒரு மெஷினை என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது ஒரு வாட்ச்சை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 மீட்டர் என்று பொறித்த சாதாரண குவார்ட்ஸ் வாட்ச். உள்ளே காற்று இருக்கும் இடம் சுமார் ஒரு கன சென்டிமீட்டர் என்று கொள்வோம். பின்மூடியில் பழைய வளையமே திரும்பப் போடப்பட்டு, ஓரிடத்தில் சரியாகப் படியாமல் இருக்கிறது. நண்பகல் வெயிலில் அது 45 டிகிரிக்குச் சூடாகிறது. உள்ளிருக்கும் காற்று விரிந்து, அந்தச் சந்து வழியாகக் கொஞ்சம் வெளியேறி, வெளிக்காற்றோடு அழுத்தம் சமமாகிறது. அணிந்தவர் 28 டிகிரியில் இருக்கும் கடலில் கையை நனைக்கிறார். காற்று சட்டெனக் குளிர்ந்து சுருங்குகிறது. 45-இலிருந்து 28-க்கு இறங்கும்போது அழுத்தம் ஐந்து விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாகக் குறையும். அதாவது சுமார் 55 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்தால் வரும் அழுத்த வேறுபாடு, கையை அலையில் நனைத்த மாத்திரத்தில் வந்துவிடுகிறது. அந்தச் சுருக்கத்தை நிரப்ப உள்ளே இழுக்கப்படும் நீர் சுமார் 0.05 மில்லிலிட்டர், ஒரு துளி. கடல்நீரின் அந்த ஒரு துளியில் 1.8 மில்லிகிராம் அளவுக்கு உப்பு இருக்கும். நீர் பிறகு உலரலாம், உப்பு உள்ளேயே தங்கும். நீந்தவும் இல்லை, முக்குளிக்கவும் இல்லை, அலையில் கை நனைத்ததற்கே இது.

“நான் கடலில் இறங்குவதே இல்லை, எனக்கு எதற்குச் சோதனை?” என்பதுதான் கடைகளில் அதிகம் கேட்கும் மறுப்பு. மேலே சொன்ன கணக்கிலேயே அதற்கு விடை இருக்கிறது. வெயிலில் நடந்து வந்து குழாயடியில் கை கழுவினாலும் இதே இழுப்பு நடக்கும், உப்பு மட்டும்தான் இருக்காது. தண்ணீரே படாவிட்டாலும் பகல் சூட்டில் காற்றை வெளியே விட்டு இரவுக் குளிரில் உள்ளே இழுத்து, அந்த வாட்ச் நாள்தோறும் மூச்சு விடுகிறது. கரையோரக் காற்றை அப்படி இழுத்தால் நீராவியும் கூடவே வரும். இதற்கு இன்னொரு மறுப்பும் உண்டு: “என் வாட்ச்சில் ஒரே ஒரு நாள்தான் கண்ணாடியில் புகை படிந்தது, பிறகு போய்விட்டது, அப்படியானால் ஓட்டை இல்லை அல்லவா?” இது நியாயமான கேள்வி. இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட முடியாது.

காரணம், அடைப்பு முற்றிலும் சரியாக இருக்கும் வாட்ச்சிலும் புகை படியலாம். 32 டிகிரி சூடும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள திறந்த கடையில் மூடியைப் போட்டால், அந்தக் காற்றையும் சேர்த்தே உள்ளே அடைக்கிறோம். அதன் ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 25 மைக்ரோகிராம் நீராவி இருக்கும். அது ஏறத்தாழ 27 டிகிரியிலேயே பனிக்கத் தொடங்கும். அணிந்தவர் 22 டிகிரிக்குக் குளிரூட்டிய பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணாடியின் உட்புறம் மெல்லிய புகை படியும், கையின் சூடு ஏறியதும் மறையும். அது ஓட்டையின் அடையாளம் அல்ல, ஈரக்காற்றில் மூடியதன் அடையாளம். ஆனால் மேலே பார்த்த ஒரு துளி நீர் 50 மில்லிகிராம், இந்த 25 மைக்ரோகிராமைப் போல இரண்டாயிரம் மடங்கு. எனவே வேறுபாடு கண்ணுக்கே தெரியும். கண்ணாடியில் புகையாக இல்லாமல் தனித்தனித் துளிகளாக நின்றாலோ, குளிரே இல்லாத அறையிலும் ஈரம் தெரிந்தாலோ, நாட்கள் போகப் போகக் கூடினாலோ அது கசிவுதான். குளிரில் மட்டும் மெல்லிதாகத் தோன்றி, மாதக்கணக்கில் அதே அளவிலேயே நின்றால் உள்ளே அடைபட்ட காற்றாக இருக்கலாம். ஆனாலும் அதை உறுதி செய்வது சோதனைதான். அடைபட்ட ஈரக்காற்றால் வரும் புகையைத் தவிர்ப்பது எளிது. குளிரூட்டிய அறையில், 24 டிகிரியும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில் வாட்ச்சைச் சற்று நேரம் திறந்து வைத்து மூடினால், 13 டிகிரி வரை பனிக்காது. கரையோரக் கடைகளுக்கு இது ஆடம்பரம் அல்ல.

இனி சோதனை. அதற்கு முன் ஒழுங்காக மூடுவது எப்படி என்று ஒரு வரி: திறக்கும் முன் மூடியின் ஓரத்தை மெல்லிய பிரஷ்ஷால் துடைக்க வேண்டும், பள்ளத்தைப் பஞ்சிழை விடாத குச்சியால் சுத்தம் செய்ய வேண்டும், அதே விட்டமும் கனமும் உள்ள புதிய வளையத்தில் சிலிக்கான் கிரீஸைப் பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும் தடவ வேண்டும், மூடியைக் கட்டைவிரலால் அல்லாமல் தட்டையான அச்சுகள் கொண்ட அழுத்தியால் நேராக இறக்க வேண்டும். கண்ணாடி குவிந்திருந்தால் அதற்கேற்ற குழி அச்சு வேண்டும், இல்லையென்றால் கண்ணாடியே உடையும். வாசலின் போன்ற பெட்ரோலிய மசகு வேண்டாம், சிலவகை ரப்பரை அது ஊதவைக்கும்.

சோதனையில் உலர் முறை, நீர் முறை என இரண்டு உண்டு. உலர் முறையில் வாட்ச்சை ஒரு சிறு அறைக்குள் வைத்து, அதன் கண்ணாடி மீது உணர்முனை ஒன்று தொடும்படி பொருத்துவார்கள். அறைக்குள் காற்றின் அழுத்தத்தை 2 அல்லது 3 பார் ஏற்றும்போது உறை சில மைக்ரான் அளவுக்கு உள்வாங்கும். அடைப்பு சரியாக இருந்தால் அந்த உள்வாங்கல் அப்படியே நிற்கும். கசிவு இருந்தால் காற்று உள்ளே நுழைந்து அழுத்தம் சமமாக, உறை பழைய வடிவத்துக்குத் திரும்பும். அந்தத் திரும்பல் எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதிலிருந்து கருவி கசிவைக் கணக்கிடுகிறது. பன்னாட்டுத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 22810-இல், 2 பார் கூடுதல் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 50 மைக்ரோகிராம் காற்றுக்கு மேல் புகக் கூடாது என்பது எல்லை. இந்த முறையின் பெரிய நன்மை, வாட்ச் நனைவதே இல்லை. குறைகளும் உண்டு. கசிவு எந்த இடத்தில் என்று அது சொல்லாது. தடித்த உறையுள்ள டைவர் வாட்ச் அழுத்தத்துக்கு அசையவே மாட்டாது, அதனால் அளவு நம்பத்தக்கதாக இருக்காது. வளையமே இல்லாத பெரிய ஓட்டையென்றால் உள்ளும் புறமும் நொடியில் சமமாகி, உறை அசையாமலே இருந்துவிடும். அதைத் திடமான உறை என்று கருவி தவறாக எடுத்துக்கொள்ளவும் கூடும். ஆகவே உறை எவ்வளவு உள்வாங்கியது என்ற எண்ணையும் பார்க்கத் தெரிந்தவர் கையில்தான் அந்தக் கருவி பயன்படும்.

நீர் முறை எளிமையானது, செங்கல்பட்டு அளவிலான ஊரில் எந்தக் கடையும் வாங்கி வைக்கக்கூடியது. தடித்த கண்ணாடி போன்ற உருளையில் பாதி அளவு தண்ணீர். வாட்ச்சை வார் கழற்றி, சாவியை உள்ளே தள்ளி, தண்ணீருக்கு மேலே காற்றில் தொங்கவிட வேண்டும். மூடியை இறுக்கி, கைப்பம்பால் 3 பார் வரை காற்றை ஏற்ற வேண்டும். பிறகு சில நிமிடம் பொறுக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் கெடுக்கும் இடம் இதுதான். வாட்ச்சில் நுண்ணிய சந்து இருந்தால் அந்த நேரத்தில்தான் அழுத்தக் காற்று உள்ளே புகும். அவசரப்பட்டால் உள்ளே போதிய காற்று சேராது, கசியும் வாட்ச்சும் தேறிவிடும். அதன் பின் வாட்ச்சைத் தண்ணீருக்குள் இறக்கி, அழுத்தத்தை மெல்ல மெல்ல விட வேண்டும். வெளியழுத்தம் குறையக் குறைய, உள்ளே புகுந்த காற்று வந்த வழியே திரும்பும். அது நீர்க்குமிழியாகத் தெரியும். குமிழி சாவியடியில் எழுந்தால் தண்டு வளையம், கண்ணாடி ஓரத்தில் எழுந்தால் கண்ணாடி வளையம், பின்மூடியில் எழுந்தால் இப்போது செய்த வேலையே பழுது.

குமிழியைப் படிக்கத் தெரிய வேண்டும். இறக்கிய உடனே சாவியின் பற்களிலிருந்தும் வார் மாட்டும் இடத்திலிருந்தும் நாலைந்து குமிழி வரும், நின்றுவிடும். அது வெளியே சிக்கியிருந்த காற்று. ஒரே புள்ளியிலிருந்து சங்கிலியாக, அழுத்தம் குறையும்தோறும் வேகம் கூடி வந்தால் அது கசிவு. அந்தச் சங்கிலி தெரிந்த நொடியே, அழுத்தம் முழுதும் இறங்கும் முன், வாட்ச்சைத் தண்ணீரிலிருந்து மேலே தூக்க வேண்டும். உள்ளிருந்து காற்று வெளியே வந்துகொண்டிருக்கும் வரை நீர் உள்ளே போகாது. காற்று நின்ற பிறகும் நீரிலேயே விட்டுவைத்தால்தான் ஆபத்து. “சோதனை செய்யப்போய் வாட்ச்சைக் கெடுத்துவிட்டார்கள்” என்ற மனக்குறை பெரும்பாலும் இந்தக் கடைசி அடியை அறியாத கையால் வருகிறது. விலையுயர்ந்த வாட்ச்சாக இருந்தாலோ, கசியும் என்ற சந்தேகம் ஏற்கெனவே இருந்தாலோ, மெஷினை வெளியே எடுத்துவிட்டு வெற்று உறையை மட்டும் சோதிக்கச் சொல்லலாம். உலர் சோதனையை முதலில் செய்து, அதில் தவறியதை மட்டும் இடம் கண்டுபிடிக்க நீர் முறைக்குக் கொண்டுபோவதே நல்ல பழக்கம்.

கடைசியில் பனிப்புச் சோதனை. வாட்ச்சை 40 முதல் 45 டிகிரி சூடான தட்டில் வைத்து முழுதும் சூடாக்கி, கண்ணாடி மேல் அறைச் சூட்டுக்குக் குறைந்த, 18 முதல் 25 டிகிரி வரையான நீர்த்துளி ஒன்றை வைத்து, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்ப்பார்கள். உட்புறம் புகை படிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. கருவியே இல்லாத கடையிலும் செய்யக்கூடியது இது, ஆனால் இதன் எல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இது காட்டுவது உள்ளே இருக்கும் ஈரத்தை, ஓட்டையை அல்ல. கரையோர ஈரக்காற்றில் மூடிய நல்ல வாட்ச்சும் இதில் தோற்கும், நேற்று ஓட்டையாகி இன்னும் நனையாத வாட்ச் இதில் தேறும். ஆகவே உலர்ந்த காற்றில் மூடி, அழுத்தச் சோதனைக்கு முன்னும் பின்னும் இதைச் செய்தால்தான் பொருள் உண்டு. முன்பு தெளிவாக இருந்த கண்ணாடி பின்பு புகைந்தால், நீர் அப்போதுதான் புகுந்திருக்கிறது.

இன்னொரு மறுப்பு காசைப் பற்றியது. சில நூறு ரூபாய் வாட்ச்சுக்கு இவ்வளவு வேலை தகுமா? தகாது, ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் புதிய வளையமும் ஒழுங்காக அழுத்திய மூடியுமே போதும், தண்ணீரிலிருந்து தள்ளி வைத்து அணிந்தால் சரி. ஆனால் 50 மீட்டர், 100 மீட்டர் என்று காசு கொடுத்து வாங்கி, கோவளத்தில் அலைச்சறுக்குக்கும் மாமல்லபுரத்தில் படகுக்கும் அணியும் வாட்ச்சுக்கு அது தகும். சோதனையில் தேறிய வாட்ச்சும் அந்த நாளுக்குத்தான் தேறியிருக்கிறது. கீழே விழுந்தாலோ, சாவி தேய்ந்தாலோ கணக்கு மாறும்.

செல் மாற்றக் கொடுக்கும்போது மூன்றைக் கேளுங்கள்: வளையம் புதிதா, எந்த முறையில் சோதித்தீர்கள், எத்தனை பாரில். விடையை ரசீதில் தேதியோடு எழுதி வாங்குங்கள். எழுதித் தர முடியாத கடையில் செல் மாற்றினால், பின்மூடியில் எந்த எண் பொறித்திருந்தாலும் சரி, கை கழுவும் முன் அந்த வாட்ச்சைக் கழற்றி வையுங்கள்.